நான் உருவாக்கிய ஸ்லைடுகளை வைத்து வேறொருவர் பேசப்போகிறார்: அவருக்குக் குறிப்பு எப்படி எழுதுவது?

நடுப்பக்கம்

வணக்கம். வாடிக்கையாளர் புகார்களை விரைவாகத் தீர்க்க எங்கள் நிறுவனத்தில் மே மாதம் தனிக்குழு ஒன்றை அமைத்தோம். ஜனவரி முதல் ஜூன் வரையிலான நிலவரத்தை நிர்வாகக் குழுவிடம் எடுத்துச் சொல்லி, தனிக்குழுவை டிசம்பர் வரை நீட்டிக்க ஒப்புதல் வாங்க வேண்டும். 14 ஸ்லைடுகளையும் நான்தான் உருவாக்கினேன். கூட்டம் நடக்கும் நாளில் நான் ஊரில் இருக்க மாட்டேன் என்பதால், என் சக ஊழியர் பேசுகிறார். அவர் நல்ல பேச்சாளர். ஆனால் இந்தக் குழுவில் அவர் இருந்ததில்லை. நேரம் 20 நிமிடம்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "எல்லாம் புரிகிறது, ஆனால் இந்த ஸ்லைடு திரையில் வந்ததும் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை" என்கிறார். எடுத்துக்காட்டாக 6ஆம் ஸ்லைடு. ஒரு புகாரைத் தீர்க்கச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆனது என்பதைக் காட்டும் கோட்டு வரைபடம் அது. ஜனவரி 42, பிப்ரவரி 41, மார்ச் 39, ஏப்ரல் 55, மே 24, ஜூன் 18. அதற்கு நான் எழுதிய குறிப்பு இது:

"ஏப்ரல் உயர்வுக்கான காரணத்தை விளக்கவும். புதிய குழுவின் பங்கைச் சுட்டிக்காட்டவும். நிதிப் பிரிவிலிருந்து கேள்வி வரலாம், கவனம்."

இதில் என்ன குறைகிறது?

ஒலிவாங்கி

குறிப்பு என்ற வடிவமே இங்கே பொருந்தாது. பேச வேண்டியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரியாத பொருளைப் பேசுபவருக்கு அதுதான் பாதுகாப்பு. அவர் திரையைப் பார்த்து வாசித்தால் போதும். ஓர் எண்கூட மாறாது, நேரமும் கணக்காக முடியும்.

நெடுங்கணக்கு

நடுப்பக்கம், உங்கள் குறிப்பில் உள்ள வினைகளைப் பாருங்கள். விளக்கவும், சுட்டிக்காட்டவும், கவனம். மூன்றுமே கட்டளைகள். காரணம் என்ன என்பது உங்கள் தலையில் இருக்கிறது, ஆகவே "விளக்கவும்" என்ற ஒரு சொல் உங்களுக்கு அதை நினைவூட்டிவிடும். அவருக்கு நினைவுக்கு வர எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது உங்களுக்கான நினைவுக் குறிப்பு. "விளக்கவும்" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்த விளக்கத்தையே எழுதுங்கள். 14 ஸ்லைடுகளிலும் இதை ஒரு முறை செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒலிவாங்கி சொல்வதில் எண்கள் மாறக்கூடாது என்பது சரி. ஆனால் முழு உரையாக எழுதினால் வேறு இடங்களில் சிக்கல் வரும். எழுதியவர் தம் குரலில் எழுதுவார். "மார்ச்சில் நான் கவனித்தது என்னவென்றால்" என்று உரையில் இருக்கும். பேசுபவர் அதை எப்படிச் சொல்வார்? அவர் மார்ச்சில் அங்கு இல்லை. அறையில் உள்ளவர்களுக்கும் அது தெரியும். மேலும், வாசித்துக்கொண்டிருப்பவரை ஒருவர் இடையில் கேள்வி கேட்டு நிறுத்தினால், திரும்பி வரும்போது விட்ட இடத்தைக் கண்ணால் தேட வேண்டும். நீளமான பத்தியில் அந்த இடம் கிடைக்காது. அந்தச் சில நொடி அமைதியில் அவர்மீது இருக்கும் நம்பிக்கை குறைந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் 55 ஆனதற்கு உண்மையான காரணம் என்ன?

புதுத்தளிர்

எனக்கும் இதே பிரச்சினை. காணொளிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது கீழே உள்ள குறிப்புகள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகின்றன. மறைப்பது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் வரிசை

புதுத்தளிர், இங்கே பேசுவது வேறு விஷயம், இருந்தாலும் சொல்கிறேன். முழுத் திரையைப் பகிராமல், ஸ்லைடு ஓடும் சாளரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிருங்கள். பவர்பாயிண்டில் ஒரே திரை வைத்திருந்தாலும் `Alt+F5` அழுத்தினால் பேசுபவருக்கான காட்சி திறக்கும், அதில் ஒத்திகை பார்க்கலாம். கூட்டம் தொடங்கும் முன் வேறொருவரை இணைத்து, அவருக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுவிடுங்கள்.

நடுப்பக்கம்

நெடுங்கணக்கு, ஏப்ரலில் புகார்ப் பதிவை வேறு மென்பொருளுக்கு மாற்றினோம். பல மாதங்களாக முடிக்கப்படாமல் கிடந்த பழைய புகார்களை அப்போது வரிசையாக எடுத்து முடித்தோம். ஒரு புகாரைத் திறந்த நேரத்திலிருந்து மூடிய நேரம் வரை கணக்கிடுவதால், அந்தப் பழைய புகார்களின் நீண்ட காலமும் ஏப்ரல் கணக்கில் ஏறிவிட்டது. உண்மையில் அந்த மாதம் எல்லோரும் அதிகமாகத்தான் உழைத்தார்கள்.

நெடுங்கணக்கு

இப்போது எழுதியதுதான் குறிப்பு! இதைப் படித்த எவரும் ஏப்ரலைப் பற்றித் தம் சொந்த வார்த்தையில் பேசிவிட முடியும்.

ஆனால் இதே காரணத்திலிருந்து இன்னொரு கேள்வி கிளம்புகிறது. உங்கள் சராசரி, முடிக்கப்பட்ட புகார்களுக்கு மட்டுமான சராசரி. பழையவற்றை முடித்தால் அது ஏறும். கடினமானவற்றைத் தள்ளி வைத்துச் சுலபமானவற்றை மட்டும் முடித்தால் அது இறங்கும். ஜூனில் 18 என்று காட்டியதும், எண்களோடு பழகிய ஒருவர் கேட்கப்போவது இதுதான்: "சுலபமானவற்றை மட்டும் முடித்து எண்ணைக் குறைத்தீர்களா?" ஸ்லைடை உருவாக்கிய உங்களுக்குப் பதில் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வியில் ஒப்புதல் தள்ளிப்போகலாம். மாத இறுதியில் முடியாமல் நின்ற புகார்களின் எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறதா?

நடுப்பக்கம்

இருக்கிறது. ஜனவரி இறுதியில் 130, ஜூன் இறுதியில் 34. ஸ்லைடில் போடவில்லை, இடம் இல்லை.

நெடுங்கணக்கு

ஸ்லைடில் இல்லாதது குறிப்பில் இருக்கட்டும். அதற்குத்தான் குறிப்பு. 6ஆம் ஸ்லைடுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> ஒரு புகாரைத் தீர்க்க ஜனவரியில் 42 மணி நேரம், ஜூனில் 18.
> (க்ளிக்: ஏப்ரல்மீது வட்டம்) 55 ஆனது, பழைய தேக்கத்தை அந்த மாதம் மொத்தமாக முடித்ததால். வேலை மெதுவாகவில்லை.
> (க்ளிக்: மே மாதத்தில் அம்பு) தனிக்குழு தொடங்கியது இங்கே.
> அடுத்த ஸ்லைடுக்கு: நேரம் குறைந்தது, அதற்கு ஆன செலவு என்ன?
>
> ———
>
> எண்கள் புகார்ப் பதிவு மென்பொருளிலிருந்து எடுத்தவை. திறந்த நேரம் முதல் மூடிய நேரம் வரை. விடுமுறை நாட்களும் சேர்த்தி.
> "சுலபமானவற்றை மட்டும் முடித்தீர்களா?" என்று கேட்டால்: முடியாமல் நின்றவையும் குறைந்துள்ளன. ஜனவரி இறுதியில் 130, ஜூன் இறுதியில் 34.
> "முழுவதும் குழுவால்தான்" என்று சொல்ல வேண்டாம். ஏப்ரலில் மென்பொருளும் மாறியது. இரண்டின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்ட நம்மிடம் தரவு இல்லை.

கோட்டுக்கு மேலே இருப்பது மேடையில் ஒரு பார்வையில் பிடிக்க வேண்டியது. கீழே இருப்பது முந்தைய நாள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. இந்த இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் பெரும்பாலான குறிப்புகள் பயன்படாமல் போகின்றன. பேசுபவருக்கான காட்சியில் குறிப்புக்கு ஒதுக்கிய இடம் சிறியது. நின்றபடி படிக்க எழுத்தைப் பெரிதாக்கினால், சில வரிகள்தான் தெரியும். மிச்சத்துக்கு உருட்ட வேண்டும். பேசிக்கொண்டே யாரும் உருட்ட மாட்டார்கள். ஆகவே தேவையானது மேலே இருக்க வேண்டும்.

க்ளிக் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். வட்டம் எப்போது வரும் என்று தெரியாதவர், வட்டம் வரும் முன்பே ஏப்ரலைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார். பிறகு அடுத்த ஸ்லைடு வரும் என்று நினைத்து அழுத்துவார், வட்டம் வந்து நிற்கும். எத்தனை க்ளிக் என்பதையும், ஒவ்வொன்றிலும் என்ன தோன்றும் என்பதையும் எழுதுங்கள். தேவையில்லாத அசைவுகளை இந்தக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

மாற்று வண்டி

நான் மறுபக்கத்தில் இருப்பவன். பிறர் உருவாக்கிய ஸ்லைடுகளை வைத்துப் பேசுவது என் வேலையில் அடிக்கடி வரும். குறிப்பு வந்ததும் நான் முதலில் தேடுவது ஸ்லைடுகளுக்கான விளக்கத்தை அல்ல. "இந்தக் கூட்டம் முடியும்போது யார் எதற்குச் சரி என்று சொல்ல வேண்டும்?" என்ற ஒரு வரியைத் தேடுவேன். அது பெரும்பாலும் இருக்காது. உங்கள் விஷயத்தில் அது டிசம்பர் வரை நீட்டிப்பு. அதை முதல் ஸ்லைடின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். அது தெரிந்தால், நேரம் குறைந்தாலும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

இரண்டாவது, அறையில் இருப்பவர்கள். யார் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர், யாருக்கு எந்த இடத்தில் தயக்கம், சென்ற கூட்டத்தில் யார் என்ன கேட்டார். "நிதிப் பிரிவிலிருந்து கேள்வி வரலாம், கவனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும். எந்தக் கேள்வி?

மூன்றாவது, ஒரே எண் இரண்டு இடங்களில் வேறுபட்டு நிற்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். உருவாக்கியவருக்கு அது கண்ணில் படாது, கேட்பவருக்கு உடனே பட்டுவிடும். 42இலிருந்து 18 என்பது 57% குறைவு. வேறு ஸ்லைடில் இதையே எப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?

நடுப்பக்கம்

13ஆம் ஸ்லைடில் "ஏறத்தாழ 60%" என்று இருக்கிறது. முழு எண்ணாகச் சொல்வோம் என்று போட்டது. இரண்டு இடத்திலும் 57 என்றே மாற்றிவிடுகிறேன்.

நிதிப் பிரிவின் கேள்வி இது: குழுவில் இருக்கும் நால்வரும் பிற பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த வேலையை யார் பார்க்கிறார்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவு கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று சென்ற முறையே கேட்டார்கள். சேர்ந்திருக்கிறது, 7ஆம் ஸ்லைடின் இரண்டாம் வரி அதுதான்.

மாற்று வண்டி

பார்த்தீர்களா, "கவனம்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. இதை அப்படியே எழுதிக் கொடுங்கள். அந்தக் கேள்வி வந்ததும் உங்கள் சக ஊழியர் 7ஆம் ஸ்லைடுக்குப் போய் இரண்டாம் வரியைக் காட்டினால் போதும். ஸ்லைடு ஓடும்போது 7 அழுத்தி `Enter` தட்டினால் நேராக அங்கே போய்விடலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்லைடை உருவாக்காதவருக்கு எந்த எண்ணில் எது இருக்கிறது என்பது மனப்பாடமாக இருக்காது. கேள்விக்கு எதிரே ஸ்லைடு எண்ணைப் போட்டு ஒரு சிறிய தாள் தந்தால் இன்னும் நிம்மதி.

ஒலிவாங்கி

முழு உரை வேண்டாம் என்பதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறேன். நெடுங்கணக்கு காட்டிய 6ஆம் ஸ்லைடு அப்படியே பேசக்கூடியதாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு இடங்களில் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும் என்பேன். ஒன்று, தொடக்க வாக்கியம். பதற்றம் அதிகமாக இருக்கும் இடம் அது, அங்கே யோசிக்க விடக்கூடாது. இன்னொன்று, கோரிக்கை. "குழுவை டிசம்பர் 31 வரை, இப்போதுள்ள நால்வருடன் நீட்டிக்க இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும்." இதை அவரவர் பாணியில் விட்டால், "நீட்டித்தால் நன்றாக இருக்கும்" என்று மெலிந்துவிடும்.

நெடுங்கணக்கு

கோரிக்கையில் முழுச் சம்மதம். தேதியும் ஆட்களின் எண்ணிக்கையும் உள்ள வாக்கியத்தைக் கட்டாயம் எழுதியே தர வேண்டும். தொடக்க வாக்கியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பிறர் எழுதிய முதல் வாக்கியம் வாயில் ஒட்டாது, அங்கே தடுக்கினால் பிறகு நிதானம் வரத் தாமதமாகும். என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கொடுங்கள், எப்படி என்பதை அவர் ஒத்திகையில் கண்டுபிடிக்கட்டும்.

ஒலிவாங்கி

ஒத்திகைக்கு நேரம் இருப்பவருக்கு அது சரி. கூட்டத்துக்கு முந்தைய இரவு கோப்பு கையில் கிடைப்பவருக்கு எழுதிய வாக்கியம்தான் துணை. நான் அப்படித்தான் கொடுப்பேன்.

மூன்றாம் வரிசை

யாரும் சொல்லாத ஒன்று. யார் தயங்குகிறார், நிதிப் பிரிவு என்ன கேட்கும் என்பதையெல்லாம் கோப்புக்குள் எழுதுகிறீர்கள். கூட்டம் முடிந்ததும் "ஸ்லைடுகளை அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். உங்கள் சக ஊழியர் நல்ல மனதோடு அதே கோப்பை அனுப்புவார். குறிப்புகளும் கூடவே போகும்.

ஆட்களைப் பற்றியதைத் தனித்தாளில் கொடுங்கள், அல்லது நேரில் சொல்லுங்கள். கோப்பில் எழுதத்தான் வேண்டும் என்றால், அனுப்புவதற்கென்று ஒரு பிரதி எடுத்து, `File > Info > Check for Issues > Inspect Document` வழியாகக் குறிப்புகளை நீக்கிச் சேமித்துக் கொடுங்கள். பிரதியில்தான் செய்ய வேண்டும். மூலக் கோப்பில் செய்து சேமித்துவிட்டால் எழுதியதெல்லாம் போய்விடும். பிடிஎஃப் ஆக அனுப்பினாலும் சரி, ஸ்லைடுகள் மட்டும் இருக்கும்படி சேமித்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

அச்சிட்டுக் கொடுப்பதானால் இன்னொன்றும் உண்டு. குறிப்புப் பக்கமாக அச்சிடும்போது ஒரு ஸ்லைடின் குறிப்பு பக்கத்தை மீறினால் கடைசி வரிகள் தாளில் வராமல் போகலாம். கோட்டுக்குக் கீழே இருக்கும் பின்னணிதான் அடிபடும். அச்சிட்ட தாளைக் கடைசி வரி வரை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மாற்று வண்டி

தனித்தாள் எனக்கு ஒத்துவராது. மேடையில் ஒரு கையில் ரிமோட் இருக்கும்போது தாளைப் புரட்ட முடியாது. கேள்விக்கான பதில் திரையில் என் கண்முன்னே இருக்க வேண்டும். அனுப்பும்போது நீக்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் வரிசை

பதில்கள் திரையில் இருக்கட்டும், ஆட்களின் பெயர் வேண்டாம். "நால்வரின் பழைய வேலை பற்றிக் கேட்டால்" என்று எழுதினாலே போதும், யார் கேட்பார் என்று எழுத வேண்டியதில்லை.

நடுப்பக்கம்

14 குறிப்புகளையும் மாற்றி எழுதிவிட்டு, இன்று மாலை அவரைப் பேசச் சொல்லிக் கேட்டேன். நடுவில் திருத்தாமல் உட்கார்ந்திருப்பது கடினமாகத்தான் இருந்தது. அவர் தடுமாறிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். 6ஆம் ஸ்லைடு எழுதியதைவிட அழகாக வந்தது. "புதிதாக வந்த புகார்களைத் தீர்த்துக்கொண்டே பழைய பாக்கியையும் அந்த மாதம் முடித்தோம்" என்று அவரே சொன்னார், அது குறிப்பில் இல்லாத வாக்கியம்.

தடுமாறியது 3, 9, 12. மூன்றாவதில் "மேலே சொன்னபடி" என்று எழுதியிருந்தேன், மேலே எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பதில் ஒரு சுருக்கப் பெயர், எங்கள் குழுவுக்குள் மட்டும் புழங்குவது. இரண்டையும் சரிசெய்துவிட்டேன்.

பன்னிரண்டுதான் கேள்வி. அடுத்த ஆண்டுக்கான விரிவாக்கத் திட்டம் அது, எனக்குப் பிடித்த ஸ்லைடு. அவர் அதை எடுத்துவிடலாம் என்கிறார். பேசியதில் 20 நிமிடமும் தீர்ந்துவிட்டது, கேள்விக்கு இடமே இல்லை. ஆனால் அதை நீக்கினால் நீட்டிப்பு ஏன் என்பதே முழுமையாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிவாங்கி

நீக்காதீர்கள். ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

மாற்று வண்டி

பேசப்போகிறவர் அவர். அவருக்கு நம்பிக்கை இல்லாத ஸ்லைடைத் திரையில் போட்டால், அது குரலில் தெரியும். டிசம்பர் வரை கேட்கும் இடத்தில் அடுத்த ஆண்டைக் காட்டினால் கேள்விகளும் அங்கேயே போய்விடும். எடுத்துவிடச் சொல்வேன்.

நெடுங்கணக்கு

அழிக்க வேண்டாம், ஓட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அந்த ஸ்லைடின்மீது வலது க்ளிக் செய்து `Hide Slide` கொடுத்தால், 11க்குப் பிறகு நேராக 13 வரும். 12 கோப்பிலேயே இருக்கும், எண்களும் மாறாது. யாராவது "அடுத்த ஆண்டு என்ன?" என்று கேட்டால் 12 அழுத்தி `Enter` தட்டினால் மறைந்திருக்கும் ஸ்லைடு திறக்கும். அதை 13ஆம் ஸ்லைடின் குறிப்பில் கோட்டுக்கு மேலேயே எழுதுங்கள், ஏனென்றால் அந்தக் கேள்வி வரும்போது அவர் நின்றுகொண்டிருப்பது அங்கேதான். 11ஆம் ஸ்லைடின் கடைசி வரியையும் மாற்ற மறக்காதீர்கள், அது இன்னும் 12க்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும்.